நாலும் செலவுதான், ஆனால் ஒன்றல்ல: ஓர் ஆத்தங்குடி பட்டறையின் ஏப்ரல் கணக்கு

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் ஒருவர் புதிதாக டைல்ஸ் பட்டறை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் தேதி தொடக்கம். மாதம் முடிந்ததும் சிட்டையைக் கூட்டிப் பார்க்கிறார். விற்றது 1,80,000 ரூபாய். வேறு வகையில் வந்தது 4,000. பட்டறைக்கென்று ஆன செலவு மொத்தம் 3,13,000.

"முதல் மாசமே ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் நஷ்டம்ண்ணே" என்கிறார் கணக்கப்பிள்ளையிடம்.

கணக்கப்பிள்ளை அதே சிட்டையை வாங்கிப் பார்க்கிறார். ஒரு மணி நேரம் கழித்து, "இருபத்தெட்டாயிரம் லாபம் தம்பி" என்கிறார்.

இருவரும் பார்த்தது ஒரே தொகைகளை. கூட்டலிலும் தவறில்லை. பட்டறைக்காரர் கையை விட்டுப் போன எல்லாவற்றையும் 'செலவு' என்று ஒரே பையில் போட்டார். கணக்கப்பிள்ளை அதை நான்காகப் பிரித்தார். காமர்ஸ் வகுப்பில் எக்ஸ்பெண்டிச்சர், காஸ்ட், எக்ஸ்பென்ஸ், லாஸ் என்று வருவது அந்த நான்குதான். இந்தக் கட்டுரைக்கு அவற்றை முறையே செலவீடு, அடக்கம், செலவினம், நட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு வசதிக்காக வைத்த பெயர்கள்தான்; உங்கள் பாடநூலில் சற்று மாறியிருந்தால் குழம்ப வேண்டாம். தொகைகளும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவையே, சந்தை நிலவரம் அல்ல.

முதலில் செலவீடு

ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்காகப் பணம் கொடுத்தாலும், கொடுக்கிறேன் என்று கடன் ஏற்றாலும், பதிலுக்கு வேறு சொத்தைக் கொடுத்தாலும் அது செலவீடு. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் தரும் விளக்கத்தின் சாரமும் இதுதான். வாங்கியதால் என்ன பயன், அந்தப் பயன் எத்தனை நாளைக்கு என்ற கேள்வியெல்லாம் இங்கே இன்னும் எழவில்லை. நம் பட்டறையின் ஏப்ரல் செலவீடு இது:

- டிசைன் அச்சுகள், சட்டங்கள், கண்ணாடித் தகடுகள்: 60,000
- சிமென்ட், மணல், கலர்: 90,000
- ஆட்களுக்குக் கூலி: 1,10,000
- பட்டறை வாடகை, மூன்று மாதத்துக்கு முன்பணமாக: 27,000
- விற்ற டைல்ஸை வாங்கியவர் ஊருக்கு அனுப்பிய லாரி வாடகை: 14,000
- கணக்கப்பிள்ளை சம்பளம்: 12,000

மொத்தம் 3,13,000. இதில் சிமென்ட் கடைக்கு இன்னும் 40,000 பாக்கி இருக்கிறது. அதாவது பெட்டியிலிருந்து உண்மையில் போனது 2,73,000தான். பாக்கி வைத்ததால் செலவீடு குறைந்துவிடாது. மூட்டை பட்டறைக்கு வந்து இறங்கிவிட்டது, கடனும் ஏறிவிட்டது. புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்: செலவீட்டைப் பணம் கொடுத்த தேதியோடு கட்டிப்போட்டுவிடுவார்கள்.

பாடநூலில் இந்தச் செலவீட்டை முதலினம், வருவாயினம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அச்சும் கண்ணாடியும் பல வருடம் உழைக்கும், அதனால் முதலினம். மற்றவை வருவாயினம். இந்தப் பிரிவினை தேவைதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் நம் பட்டறைக்காரரின் கேள்விக்குப் பதில் கிடைக்காது. வருவாயினம் என்று எழுதிய சிமென்டிலும் கூலியிலும் ஒரு பெரும் பங்கு இன்னும் சரக்காக உட்கார்ந்திருக்கலாம் அல்லவா?

அடக்கம்: எதன் அடக்கம் என்று கேட்க வேண்டும்

"அடக்கம் எவ்வளவு?" என்று தனியாகக் கேட்டால் அது அரைக் கேள்வி. அடக்கம் எப்போதும் ஏதாவது ஒன்றின் அடக்கமாகத்தான் இருக்கும்: ஒரு டைல்ஸின் அடக்கம், ஓர் அச்சின் அடக்கம், ஓர் ஆர்டரின் அடக்கம். செலவீட்டில் எந்தப் பங்கு அந்தப் பொருளைப் போய்ச் சேருகிறதோ அதுவே அதன் அடக்கம்.

ஆத்தங்குடி டைல்ஸ் கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் டிசைன் அச்சை இறக்கி, அறை அறையாகக் கலர்க் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணல் சிமென்ட் போட்டு நிரப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு அது தண்ணீர்த் தொட்டியில் ஊறி, உலர்ந்து, கண்ணாடியை விட்டுப் பிரிந்து வரும். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம்தான் அந்த மினுமினுப்பு. இந்த வேலைக்கு என்னென்ன போயிற்று என்று பார்த்தால் ஒரு டைல்ஸின் அடக்கம் வந்துவிடும்.

ஏப்ரலில் 10,000 டைல்ஸ் ஊற்றினார்கள். ஊற்றியது எல்லாம் அந்த மாதமே முடிந்து வெளியே வந்துவிட்டது என்று கொள்வோம். பாதியில் நிற்கும் சரக்கு வந்தால் கணக்கு வேறு திசையில் நீளும்.

வாங்கிய 90,000 ரூபாய் மூலப்பொருளில் உபயோகமானது 72,000. மீதி 18,000 ரூபாய்க்கு மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. கூலி 1,10,000 முழுவதும் டைல்ஸ் செய்யப் போனது. வாடகை 27,000 கொடுத்தாலும் ஏப்ரலுக்கு உரியது 9,000 மட்டும். அச்சும் கண்ணாடியும் ஐந்து வருடம், அதாவது 60 மாதம் ஓடும், கடைசியில் தேறுவது ஒன்றுமில்லை என்று வைத்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய் தேய்மானம். ஆகமொத்தம் 1,92,000.

கணக்கப்பிள்ளை சம்பளமும் லாரி வாடகையும் இதில் ஏறவில்லை, கவனித்தீர்களா? அவை இல்லாமலே டைல்ஸ் உருவாகி, அடுக்கி வைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அலுவலகச் செலவையும் விற்று அனுப்பும் செலவையும் சரக்கின் அடக்கத்தில் ஏற்றக் கூடாது என்று சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலை 2-உம் சொல்கிறது.

இனி 1,92,000-ஐ 10,000-ஆல் வகுத்து 19 ரூபாய் 20 காசு என்று எழுதிவிடலாமா? கூடாது. கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது மூலை பெயரும், தொட்டியிலிருந்து எடுக்கும்போது கீறல் விழும். கைவேலையில் இது இருக்கவே செய்யும். நம் பட்டறையில் நூற்றுக்கு நாலு போகும் என்று வைப்போம். 400 போனால் நல்ல சரக்கு 9,600. அந்த நானூறு இல்லாமல் இந்த 9,600 வந்திருக்காது. ஆகவே அதன் பாரத்தையும் நல்ல டைல்ஸ்தான் சுமக்க வேண்டும். 1,92,000-ஐ 9,600-ஆல் வகுத்தால் ஒரு டைல்ஸின் அடக்கம் சரியாக 20 ரூபாய்.

இந்த நானூறை ஊரில் எல்லோரும் நஷ்டம் என்றுதான் சொல்வார்கள். கணக்கில் இதற்கு இயல்பு நட்டம் என்று பெயரும் உண்டு. ஆனால் பெயர்தான் நட்டம், போய்ச் சேரும் இடம் அடக்கம். லாபநட்டக் கணக்கில் இதற்கென்று தனி வரி கிடையாது. மூலை பெயர்ந்ததை யாராவது குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டால் அந்தத் தொகையை 1,92,000-இலிருந்து கழித்துவிட்டு வகுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செலவினம்: பயன் தந்து தீர்ந்த பங்கு

மாத இறுதிவரை 6,000 டைல்ஸ் விற்றது, ஒன்று 30 ரூபாய் வீதம் 1,80,000. இந்த வருமானத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது எந்த டைல்ஸ்? விற்ற ஆறாயிரம்தான். ஆகவே அவற்றின் அடக்கமான 1,20,000 மட்டும் இந்த மாதம் செலவினமாகிறது. விற்காத டைல்ஸின் அடக்கம் அடக்கமாகவே நின்று, இருப்புநிலைக் குறிப்பில், நம் பக்கத்துப் பழைய பேச்சில் சொன்னால் ஐந்தொகையில், சரக்கிருப்பாகச் சொத்துப் பக்கம் உட்காரும்.

புதியவர்களுக்கு இது ஏற்கக் கஷ்டமாக இருக்கும். கூலி வாங்கியவர் வாங்கிப் போய்விட்டார், அந்தப் பணம் எப்படிச் சொத்தாகும் என்று தோன்றும். பணம் சொத்தாகவில்லை. அது டைல்ஸாக மாறி அடுக்கில் இருக்கிறது, நாளை விற்றால் திரும்பி வரும். அதுவரை அதைச் செலவினம் என்று எழுத முடியாது.

லாரி வாடகையும் கணக்கப்பிள்ளை சம்பளமும் வேறு ரகம். அவை எந்தச் சரக்கிலும் ஏறி உட்காரவில்லை, அடுத்த மாதத்துக்கு அவற்றால் மிஞ்சும் பயனும் இல்லை. ஏப்ரலுக்காக ஏற்பட்டு ஏப்ரலிலேயே தீர்ந்தன. ஆகவே 26,000-உம் நேராகச் செலவினம். இவற்றைப் பொறுத்தவரை செலவீடும் செலவினமும் ஒரே தொகை, ஒரே மாதம். தினமும் நம் கண்ணில் படுவது இந்த மாதிரிச் செலவுகள்தான் என்பதால் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது.

நட்டம்

அந்த மாதம் ஒரு சம்பவமும் நடந்தது. சரக்கேற்ற வந்த லாரி பின்னால் எடுக்கும்போது அடுக்கில் மோதி 500 டைல்ஸ் நொறுங்கின. அடக்கம் தலைக்கு 20 என்றால் போனது 10,000. லாரிக்காரரிடம் பேசி 4,000 வாங்கினார்கள். மேலே 'வேறு வகையில் வந்தது' என்றேனே, அதுதான். மீதி 6,000 ரூபாய் நட்டம்.

இதுவும் அடக்கம் தீர்ந்து போவதுதான். விற்ற டைல்ஸின் அடக்கமும் தீர்ந்தது, நொறுங்கியதின் அடக்கமும் தீர்ந்தது. விற்றது தீரும்போது 30 ரூபாயைக் கொண்டுவந்தது. நொறுங்கியது எதையும் கொண்டுவரவில்லை. பயன் தந்து தீர்ந்தால் செலவினம், பயன் தராமல் தீர்ந்தால் நட்டம் என்பது புரிய இந்த இரண்டு குவியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இங்கேதான் பலரும் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள். "உடைஞ்சது உடைஞ்சதுதானே, நானூறோட ஐந்நூறையும் சேர்த்துத் தொள்ளாயிரம் போச்சுன்னு வச்சு மீதிக்கு வகுத்துடலாம்" என்று. அப்படிச் செய்தால் 1,92,000-ஐ 9,100-ஆல் வகுக்க வேண்டும். அடக்கம் ஏறத்தாழ 21 ரூபாய் 10 காசு ஆகிவிடும். கணக்கு நோட்டில் இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். விளைவு அப்படியல்ல. இருப்பில் உள்ள 3,100 டைல்ஸின் மதிப்பு 3,400 ரூபாய் சொச்சம் தானாக வீங்கும். ஏப்ரலில் நடந்த நட்டத்தின் ஒரு பகுதி சொத்து வேடம் போட்டு மே மாதத்துக்குள் நுழையும், ஏப்ரல் லாபமும் அதே அளவு கூடித் தெரியும். அடுத்த ஆர்டருக்கு விலை சொல்லும்போது பட்டறைக்காரர் 21 ரூபாய் 10 காசின் மேல் லாபம் வைத்துச் சொல்வார். லாரி மோதியதற்கும் டைல்ஸ் செய்யும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துப் பட்டறை 20 ரூபாய் அடக்கத்தில் விலை சொல்லி ஆர்டரைத் தூக்கிப் போய்விடும். இயல்புக்கு மீறிய சேதத்தைச் சரக்கின் அடக்கத்தில் சேர்க்காதே என்று அதே தரநிலை சொல்வதன் காரணம் இதுதான்.

எது இயல்பு, எது இயல்புக்கு மீறியது என்பதை எப்படித் தீர்மானிப்பது? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். என் பார்வையில் ஒரே வழிதான்: கண்ணாடி பிரிக்கும் இடத்தில் ஒரு நோட்டைப் போட்டு, தினமும் எத்தனை பிரித்தோம், எத்தனை போயிற்று என்று எழுதி வைக்க வேண்டும். சில மாதம் எழுதினால் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு விகிதம் படிந்துவிடும். அதற்குள் அடங்குவது அடக்கத்துக்கு, தாண்டியது நட்டத்துக்கு. நோட்டு இல்லாத பட்டறையில் 'இயல்பு' என்பது அந்தந்த மாத மனநிலைதான். இன்னொன்று, உடைந்து ஒழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. அதனால் நட்டம் கொஞ்சம் கூடலாம். இங்கே வரியை ஒதுக்கி வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

பணம் உள்ளே வரும்போதும் நட்டம் வரலாம். மூன்று வருடம் கழித்து அந்த 60,000 ரூபாய் அச்சையும் கண்ணாடியையும் விற்கிறார் என்று கொள்ளுங்கள். 36,000 தேய்மானம் போக ஏட்டு மதிப்பு 24,000. விற்றது 20,000-க்கு என்றால் கையில் இருபதாயிரம் வந்தாலும் 4,000 நட்டம்.

நட்டம் என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒரு காலத்தின் மொத்த வருமானத்தைவிடச் செலவினமும் இந்த மாதிரி நட்டங்களும் மிஞ்சிவிட்டால், அந்த மிச்சத்தையும் நட்டம் என்கிறோம். பட்டறைக்காரர் முதலில் சொன்ன நஷ்டம் இந்த இரண்டாவது பொருளில். லாரி மோதியது முதல் பொருளில். நிகர லாபம் வந்த மாதத்திலும் முதல் வகை நட்டம் இருக்கலாம், நம் ஏப்ரல் அப்படித்தான்.

3,13,000 எங்கே போயிற்று

இப்போது கணக்கப்பிள்ளையின் 28,000-ஐச் சரிபார்ப்போம். விற்பனை 1,80,000. விற்ற டைல்ஸின் அடக்கம் 1,20,000 போனால் மொத்த லாபம் 60,000. அதில் செலவினம் 26,000-உம் நட்டம் 6,000-உம் கழிந்தால் 28,000.

பட்டறைக்காரர் சொன்ன 1,29,000 நஷ்டத்துக்கும் இந்த 28,000 லாபத்துக்கும் இடைவெளி 1,57,000. அது காற்றில் போகவில்லை. அச்சும் கண்ணாடியும் ஒரு மாதத் தேய்மானம் போக 59,000. சிமென்டும் கலரும் 18,000. மே, ஜூன் வாடகை 18,000. விற்றதும் நொறுங்கியதும் போக மீதமுள்ள 3,100 டைல்ஸ், தலைக்கு 20 வீதம் 62,000. கூட்டிப் பாருங்கள், 1,57,000. இந்தச் சோதனையைத்தான் நான் எப்போதும் செய்யச் சொல்வேன்: செலவீட்டின் ஒவ்வொரு ரூபாயும் மாத இறுதியில் சொத்தாக நிற்க வேண்டும், அல்லது செலவினமாகியிருக்க வேண்டும், அல்லது நட்டமாகியிருக்க வேண்டும். இங்கே 1,57,000 சொத்து, 1,46,000 செலவினம், லாரிக்காரர் கொடுத்ததைக் கழிப்பதற்கு முன் 10,000 நட்டம். மொத்தம் 3,13,000. ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கோ ஒன்று தப்பான பையில் விழுந்திருக்கிறது.

டேலியில் பதிபவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். மூலப்பொருளை `Purchase Accounts`, கூலியை `Direct Expenses` என்று போட்டால் முழுத் தொகையும் செலவினம் ஆகிவிடுகிறதே என்று. ஆகும், ஆனால் தற்காலிகமாக. வியாபாரக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் இறுதிச் சரக்கிருப்பு வரும்போது தீராத பங்கு வெளியே இழுக்கப்படும். 90,000, 1,10,000, 9,000, 1,000 சேர்ந்து 2,10,000. அதில் மூலப்பொருள் இருப்பு 18,000-உம் டைல்ஸ் இருப்பு 62,000-உம் நொறுங்கியது 10,000-உம் கழிந்தால் அதே 1,20,000. இறுதிச் சரக்கிருப்பைப் போட மறந்தால் லாபத்தில் 80,000 காணாமல் போகும். நொறுங்கிய 10,000-ஐ வெளியே எடுக்க மறந்தால் மொத்த லாபம் 60,000-க்குப் பதில் 50,000 என்று வரும், 30 ரூபாய் விலையே கட்டுப்படியாகவில்லையோ என்ற வீண் சந்தேகத்தைக் கிளப்பும். அதற்கென்று தனி லெட்ஜர் வைத்து `Indirect Expenses` கீழே காட்டினால் விலை வேறு, விபத்து வேறு என்று பார்த்தவுடன் தெரியும்.

வீட்டில் பிள்ளையார் நோன்புக்கோ மகள் கல்யாணத்துக்கோ பெட்டியிலிருந்து எடுத்தால் அது இந்த நான்கில் எதுவுமில்லை. அது எடுப்பு, மூலதனத்திலிருந்து நேராகக் கழியும்.

மே மாதம் பிறக்கும்போது இந்த நான்கும் தனித்தனியாக நடமாடுவது இன்னும் நன்றாகத் தெரியும். சிமென்ட் கடை பாக்கி 40,000-ஐ மேயில் கொடுத்தால் பெட்டியில் பணம் குறையும், கடனும் குறையும். மே மாதச் செலவீடு அதனால் கூடாது, அது ஏப்ரலிலேயே ஏறிவிட்டது. பட்டறை இடத்துக்காரருக்கு மேயில் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம், ஆனாலும் மே மாத டைல்ஸின் அடக்கத்தில் 9,000 வாடகை ஏறும். ஏப்ரலில் செய்து மீந்த 3,100 டைல்ஸ் மேயில் விற்றால், அவற்றின் 62,000 அந்த மாதத்துச் செலவினம்.